24 இலட்சம் முக்கோணத்தில் செதுக்கிய பீரங்கியைப் போனில் ஓடவைப்பது

"அண்ணா, கோட்டையில் இருக்கும் பழைய பீரங்கி ஒன்றைப் பார்த்து பிளெண்டரில் செதுக்கினேன். 24 இலட்சம் முக்கோணம். Decimate போட்டு 8,000க்குக் கொண்டுவந்து, நோர்மல் மேப் பேக் பண்ணி யுனிட்டியில் போட்டால் குழல் நெடுக கறுப்பு நிழல் ஓடுது, வாய்ப்பக்கம் கோடு கோடாகத் தெரியுது, துருக் குழிகள் வெளியே புடைச்ச மாதிரி இருக்கு. போனில் ஓட வேணும். எங்கே பிழை?"

தம்பி, இந்த மூன்றில் இரண்டு, பேக் பட்டனை அழுத்துவதற்கு முன்பே, முக்கோணம் குறைத்த லோ-பொலி மொடலுக்குள் வந்துவிட்டவை. மூன்றாவது ஒரு சின்ன செற்றிங். முதல் இரண்டுக்கும் பேக் செற்றிங்கை எவ்வளவு மாற்றினாலும் தீர்வு வராது, லோ-பொலியைத்தான் திரும்பச் செய்ய வேண்டும்.

காரணம் இதுதான். நோர்மல் மேப்பில் பதிவாவது உங்கள் செதுக்கலின் மேற்பரப்பு இல்லை. லோ-பொலி தன் முனைகளின் நோர்மல்களை வைத்து அந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்ப்பதாக நினைக்கிறதோ, அதற்கும் ஹை-பொலி உண்மையில் பார்க்கும் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஒவ்வொரு பிக்சலிலும் எழுதப்படுகிறது. வித்தியாசம் இல்லாத இடம் 128, 128, 255 என்ற வெளிர் ஊதாவாக இருக்கும். ஆகவே ஒரு மேப் ஒரு குறிப்பிட்ட மெஷ்ஷுக்கு மட்டுமே சொந்தம். பேக் பண்ணிய பிறகு ஒரு விளிம்பை ஹார்ட் ஆக்கினாலோ, ஒரு நாற்கோணம் வேறு மூலைவிட்டத்தில் பிரிந்தாலோ அந்த மேப் அந்த இடத்தில் தவறான கணக்காகிவிடும்.

முதலில் எண்ணிக்கையைக் குறைக்கும் விஷயம். Decimate-இன் Collapse முறை, மேற்பரப்பு எங்கே அதிகம் வளைகிறதோ அங்கே முக்கோணங்களை விட்டுவைக்கும், தட்டையான இடத்தில் எடுத்துவிடும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் பீரங்கியில் அதிகம் வளைவது துருக் குழிகள். கடற்காற்றில் அரித்த இரும்பு என்பதால் குழல் முழுக்க அவைதான். 8,000 முக்கோணத்தில் பெரும்பகுதியை அந்தக் குழிகளின் ஓரங்கள் தின்றிருக்கும். வயர்ஃபிரேமைப் போட்டு வடிவாகப் பாருங்கள்: வாயின் வட்டம் கோணல்மாணலாக இருக்கும், குழிகளைச் சுற்றி முக்கோணம் குவிந்திருக்கும். நடந்தது தலைகீழ். குழியை நோர்மல் மேப் காட்டிவிடும். அதனால் காட்டவே முடியாதது உருவத்தின் வெளிக்கோடு, அதாவது வானத்துக்கு எதிரே பீரங்கியைப் பார்த்தால் தெரியும் விளிம்பு. முக்கோணங்களை அங்கேதான் செலவழிக்க வேண்டும்.

எத்தனை பக்கம் போதும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். வட்டத்துக்குப் பதில் n பக்கப் பலகோணம் வைத்தால், ஒரு பக்கத்தின் நடுவில் ஏற்படும் குறை இவ்வளவு:

```
r × (1 − cos(180° / n))
```

குழலின் ஆரம் 20 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். 12 பக்கம் வைத்தால் குறை 6.8 மில்லிமீற்றர், கிட்ட நின்று பார்க்கும் எவருக்கும் கோணம் தெரியும். 16க்கு 3.8, 24க்கு 1.7. கோட்டை வாசலால் உள்ளே வந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் ஒருவர் பீரங்கிக்கு எவ்வளவு கிட்டப் போவாரோ அவ்வளவு கிட்ட விளையாடுபவரும் போவார் என்றால், 24 எடுங்கள். 32க்குப் போனால் போன் திரையில் அந்த வித்தியாசம் தெரியாது.

இனி இந்த லோ-பொலியை Decimate இல்லாமல் கட்டுங்கள். பீரங்கி கடைசல் பிடித்த மாதிரி உருண்டையான பொருள், அது உங்களுக்கு வசதி. செதுக்கலைப் பக்கவாட்டில் வைத்து, வாய் முதல் பின்குமிழ் தொடங்கும் இடம் வரை வெளிக்கோட்டின் மேல் ஒரு கோடு இழுங்கள். வளையங்கள் ஏறி இறங்கும் இடத்தில் மட்டும் முனை வையுங்கள். இரண்டு வளையங்களுக்கு இடையே உள்ள நேரான சரிவில் நடுவில் ஒன்றும் வேண்டாம். 22 முனை போதும். அதன்மேல் Screw மொடிஃபயர், Steps 24, பிறகு Apply. குழலின் உடல் 21 பட்டை, பட்டைக்கு 48 முக்கோணம், மொத்தம் 1,008. வாயின் முன்முகத்துக்கு 48. உள்துளையை ஆழமாகக் கொண்டுபோகத் தேவையில்லை, ஒரு சாண் உள்ளே போய் மூடிவிடுங்கள், அது 70. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அச்சு முளைகளும் 16 பக்கத்தில் சேர்த்து 92. பின்குமிழ் 160. எல்லாம் சேர்த்து 1,400க்குள் வந்துவிடும். உங்கள் 8,000ஐ விட வெளிக்கோடும் சுத்தமாக இருக்கும்.

Decimate-ஐ முற்றாகத் தள்ள வேண்டியதில்லை. மடிக்கணினி திணறினால் ஹை-பொலியை 24 இலட்சத்திலிருந்து 6 இலட்சத்துக்கு அதால் இறக்கிவிட்டு பேக் பண்ணுங்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பாறை, இடிந்த சுவர் போன்ற ஒழுங்கில்லாத பொருள்களுக்கு லோ-பொலியாகவும் அது ஓரளவு போகும்.

அடுத்தது குழல் நெடுக ஓடும் அந்தக் கறுப்பு நிழல். இதைத்தான் பலர் மேப்பின் பிழை என்று நினைக்கிறார்கள். Shade Smooth போட்டால் ஒவ்வொரு முனையின் நோர்மலும் அதைச் சுற்றியுள்ள முகங்களின் சராசரி ஆகிறது. வளையத்தின் அடியில் உள்ள ஒரு முனையை எடுங்கள். ஒரு பக்கம் 70 சென்ரிமீற்றர் நீளமான குழல் முகம், மேலே பார்க்கிறது. மறுபக்கம் ஒன்றரை சென்ரிமீற்றர் உயரமான வளையச் சுவர், முன்னால் பார்க்கிறது. சராசரி எடுத்தால் நோர்மல் இரண்டுக்கும் இடையில் சரிந்து நிற்கும். அந்தச் சரிவு 70 சென்ரிமீற்றர் முகம் முழுக்கப் பரவி அடுத்த வளையம் வரை போகும். அதுதான் நீங்கள் பார்க்கும் நிழல். Decimate போட்ட மெஷ்ஷில் இது எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கங்கே நடந்திருக்கும்.

நோர்மல் மேப் அந்தச் சரிவைத் திருப்பி நேராக்கப் பார்க்கும், கொள்கையளவில் அதால் முடியும். ஆனால் அதற்காக மேப்பில் நீண்ட, மெதுவாக நிறம் மாறும் பட்டை எழுதப்பட வேண்டும். ஒரு சனலுக்கு 256 படிதான் இருக்கிறது, அதன்மேல் போனுக்கான கம்பிரஷனும் வருகிறது. மெதுவான மாற்றம் படிப்படியாக உடைந்து, பளபளப்பான இடத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். துருக்குழிக்கு வேண்டிய நுணுக்கத்தை, மெஷ்ஷிலேயே இலவசமாகத் திருத்தியிருக்கக்கூடிய ஒன்றுக்குச் செலவழிப்பதாகிவிடுகிறது.

திருத்தம் ஒரு முக்கோணம்கூடக் கூட்டாது. Weighted Normal மொடிஃபயரைப் போடுங்கள். அது பெரிய முகத்துக்கு அதிக எடை கொடுத்துச் சராசரி எடுக்கும், ஆகவே வளையத்தின் அடியில் உள்ள முனை நீளக் குழலின் பக்கமே பார்க்கும். சரிவு முழுவதும் அந்த ஒன்றரை சென்ரிமீற்றர் சுவருக்குள் ஒதுங்கிவிடும். அந்தச் சின்ன இடத்தை மேப் சிரமமில்லாமல் சரிசெய்யும். மேப்பே இல்லாமல் லோ-பொலியைச் சாம்பல் நிறத்தில், சற்றுப் பளபளப்பாக வைத்துச் சுற்றிப் பாருங்கள். அந்த நிலையிலேயே குழல் சுத்தமாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் பேக்குக்குத் தயார்.

வாய்ப்பக்கக் கோடுகள் வேறு கதை. வாயின் முன்முகமும் குழலும் கிட்டத்தட்ட 90 பாகையில் சந்திக்கின்றன. இந்த மாதிரி இடத்தில் விளிம்பை ஹார்ட் ஆக்குவது சரிதான், Mark Sharp போடலாம். ஆனால் ஹார்ட் விளிம்பின் இரண்டு பக்கமும் லோ-பொலியின் நோர்மல் திடீரென்று மாறுவதால், இரண்டு பக்கத்துப் பிக்சல்களும் ஒரே வளைவை வேறு வேறு நிறத்தில் எழுத வேண்டும். யூவியில் அந்த இரண்டு முகமும் ஒட்டிக்கொண்டிருந்தால், எல்லையில் உள்ள பிக்சல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகி, ஒரு பக்கத்தின் நிறம் மற்றதற்குள் கசியும். அந்தக் கசிவுதான் கோடு. ஆகவே ஹார்ட் விளிம்பு இருக்கும் இடமெல்லாம் யூவியும் வெட்டப்பட வேண்டும். யூவி வெட்டிய இடமெல்லாம் ஹார்ட் ஆக வேண்டும் என்பது இல்லை. குழலின் அடிவயிற்றில் நீளவாக்கில் நீங்கள் போடும் வெட்டு சொஃப்ட் ஆகவே இருக்கட்டும். உங்களுக்குக் கோடு பல இடத்தில் வந்ததற்கு, Decimate மெஷ்ஷில் Shade Auto Smooth 30 பாகையைத் தாண்டிய ஒவ்வொரு துருக்குழி ஓரத்தையும் ஹார்ட் ஆக்கியிருக்கும் என்பதே காரணமாக இருக்கும்.

புதிய லோ-பொலியில் ஹார்ட் வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான்: வாயின் வெளி விளிம்பு, துளையின் விளிம்பு, அச்சு முளைகளின் முகப்பு. Sharp போட்ட இடத்தில் யூவி வெட்டும் தவறாமல் விழ, Object Mode-இல் இதை ஓட்டிவிட்டு அன்ராப் பண்ணுங்கள்:

```python
import bpy
me = bpy.context.object.data
for e in me.edges:
    if e.use_edge_sharp:
        e.use_seam = True
```

Weighted Normal-இல் Keep Sharp என்பதையும் தெரிவுசெய்யுங்கள், இல்லாவிட்டால் இந்த ஹார்ட் விளிம்புகளையும் அது மென்மையாக்கிவிடும்.

யூவி வெட்டும் ஹார்ட் விளிம்பும் சும்மா வருவதில்லை. அந்த இடத்து முனை போனின் ஜிபியுவுக்குள் இரண்டாகிறது. கனசதுரத்துக்கு 8 மூலைதான், எல்லாம் ஹார்ட் என்றால் 24 முனை. எனவே பிளெண்டர் காட்டும் எண்ணிக்கையை நம்பாமல், யுனிட்டியில் மெஷ்ஷைத் தெரிவுசெய்து அங்கே காட்டும் Vertices-ஐப் பாருங்கள். இந்தப் பீரங்கி 900க்குக் கிட்ட நிற்கும். உங்கள் 8,000 முக்கோண மெஷ் மிக மோசமாக வெட்டப்பட்டால் 24,000 வரை போகலாம்.

இப்போது பேக். இரண்டு மொடலுக்கும் Ctrl+A, Scale. லோ-பொலியில் கடைசி மொடிஃபயராக Triangulate, அதே மெஷ்தான் பிறகு யுனிட்டிக்கும் போக வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பிளெண்டர் ஒரு மூலைவிட்டத்திலும் யுனிட்டி மற்றதிலும் நாற்கோணத்தைப் பிரிக்கக்கூடும், அப்போது முகத்தில் பெருக்கல் குறி மாதிரி நிழல் வரும். லோ-பொலியின் மெற்றீரியலில் 2048 அளவு Image Texture நோட் ஒன்றைப் போட்டு, Color Space-ஐ Non-Color ஆக்கி, அந்த நோட்டைத் தெரிவில் வையுங்கள். ஹை-பொலியை முதலில் தெரிந்து, லோ-பொலியைக் கடைசியில் தெரிந்து, Cycles-இல் Bake Type: Normal, Selected to Active.

லோ-பொலியைச் சற்று ஊதிப் பெருப்பித்த உறை மாதிரியான Cage-ஐப் போடுங்கள். அது இல்லாவிட்டால் கதிர்கள் லோ-பொலியின் நோர்மல் வழியே போகும். ஹார்ட் விளிம்பில் நோர்மல் இரண்டாகப் பிரிவதால், நடுவில் ஒரு கதிரும் போகாத இடைவெளி விழும். நீங்கள் கவனமாகச் செதுக்கிய வாயின் மழுங்கிய ஓரம் அந்த இடைவெளிக்குள் காணாமல் போகும். Cage இருந்தால் கதிர்கள் பிரியாமல் சுற்றி வரும்.

Extrusion, அதாவது அந்த உறை எவ்வளவு வெளியே நிற்க வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்து வையுங்கள். 24 பக்கக் குழல் ஹை-பொலிக்கு உள்ளே 1.7 மில்லிமீற்றர் நிற்கிறது. குழலின் மேல் பொறித்த முத்திரை 6 மில்லிமீற்றர் புடைத்திருக்கிறது என்றால் கூட்டினால் எட்டுக்குள். 15 மில்லிமீற்றர், அதாவது 0.015 வைத்தால் தாராளம். Max Ray Distance 0.03 வைத்தால் கதிர் வெளியே 15, உள்ளே 15 மில்லிமீற்றர் வரை தேடும், எந்தக் குழியும் தப்பாது. Extrusion-ஐக் குறைவாக வைத்தால் முத்திரையின் உச்சி சீவி எடுத்தது போலத் தட்டையாகும். அதிகமாக வைத்தால் அச்சு முளை குழலோடு சேரும் இடத்தில், குழலிலிருந்து புறப்படும் கதிர் முளையில் பட்டு, குழலின் மேல் முளையின் நிழல் மாதிரி ஒரு கறை விழும். அந்தக் கறைக்கு நல்ல வழி, முளைகளைக் குழலிலிருந்து தனிப் பொருளாக்கி, ஹை-பொலியையும் லோ-பொலியையும் சோடியாக ஒரு மீற்றர் தள்ளி வைத்து பேக் பண்ணிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவது.

டெக்ஸ்சரின் அளவையும் மனதில் வையுங்கள். குழல் இரண்டரை மீற்றர், 2048 பிக்சலுக்குள் நீளவாக்கில் படுக்கவைத்தால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர். ஹை-பொலியில் 1 மில்லிமீற்றர் பெவல் வைத்திருந்தால் அது ஒரு பிக்சலுக்குள் மறைந்துபோகும். 4, 5 மில்லிமீற்றருக்கு விரித்துச் செதுக்குங்கள். நேரில் பார்ப்பதைவிட மழுங்கலாகத்தான் தோன்றும், விளையாட்டில் சரியாக இருக்கும். காலையில் வெயில் கடல் பக்கமிருந்து சாய்வாக அடிக்கும்போது கோட்டைக்குப் போய்ப் பீரங்கியைப் படம் எடுங்கள். எந்தக் குழிகள் உண்மையில் கண்ணுக்குப் படுகின்றன என்பது அந்த வெளிச்சத்தில் தெரியும், மீதியைச் செதுக்கத் தேவையில்லை. Margin 16 பிக்சலை அப்படியே விடுங்கள். தூரத்தில் டெக்ஸ்சர் பாதி பாதியாகச் சுருங்கும்போது நான்கு படிவரை அது தாங்கும்.

கடைசியாகப் புடைத்த துருக்குழி. பிளெண்டரின் பேக் பெட்டியில் Swizzle என்று ஒரு வரி இருக்கிறது. G என்பது +Y ஆக இருந்தால் யுனிட்டிக்குச் சரி, அன்ரியலுக்கு -Y வேண்டும். அன்ரியலுக்கான பாடம் ஒன்றைப் பார்த்துச் செய்திருந்தால் நீங்கள் அதை மாற்றியிருக்கக்கூடும். எது எப்படி என்று கண்டுபிடிக்க, மேப்பின் பச்சைச் சனலை மட்டும் திறந்து முத்திரையைப் பாருங்கள். படத்தில் அதன் மேல் ஓரங்கள் வெளிச்சமாக இருந்தால் +Y, கறுப்பாக இருந்தால் -Y. பச்சையை மட்டும் தலைகீழாக்கினாலும் சரி, திரும்ப பேக் பண்ணினாலும் சரி. யுனிட்டியில் Texture Type-ஐ Normal map ஆக்க மறந்திருந்தால் இதற்கு முன்பே எல்லாம் குழம்பியிருக்கும், அதையும் ஒருக்கா பாருங்கள். மொடலின் இறக்குமதியில் Normals: Import, Tangents: Calculate Mikktspace. பிளெண்டரும் அதே Mikktspace கணக்கில்தான் பேக் பண்ணுகிறது. Normals-ஐ Calculate ஆக்கினால் Weighted Normal-இல் செய்ததெல்லாம் வீணாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது கோணலாகத் தெரிந்தால், பேக் ஆன மேப்பை முதலில் பிளெண்டரிலேயே லோ-பொலியில் Normal Map நோட் வழியாக மாட்டிப் பாருங்கள். அங்கேயும் கோணல் என்றால் பிழை பேக்கில்: கேஜ், யூவி, ஹார்ட் விளிம்பு. அங்கே நன்றாக இருந்து யுனிட்டியில் மட்டும் கோணல் என்றால் பிழை வழியில்: ஏற்றுமதி, இறக்குமதி, பச்சைச் சனல். இந்த ஒரு சோதனை தேடும் இடத்தைப் பாதியாக்கிவிடும்.

போனுக்கான அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நோர்மல் மேப்புக்கு ASTC 4x4 வையுங்கள், நிற மேப்புக்கு 6x6 போதும். 4x4-இல் 2048 மேப் மிப்மேப்போடு 5.3 எம்பி, 1024 என்றால் 1.3 எம்பி. 2048-இல் பேக் பண்ணி, யுனிட்டியின் Max Size-ஐ 1024 ஆக இறக்கிப் போனில் பாருங்கள். பீரங்கி ஓரமாக நிற்கும் பொருள் என்றால் அது போதும், விளையாடுபவர் அதைச் சுட வேண்டும் என்றால் 2048ஐ வைத்திருங்கள். தூரத்துக்கு LOD1 செய்யும்போது 24 பக்கத்தை ஒன்றுவிட்டு ஒன்று கரைத்து 12 ஆக்குங்கள். யூவி வெட்டுகள் இருக்கும் விளிம்புகளைத் தொடாமல் விட்டால் அதே மேப்பை அப்படியே பாவிக்கலாம். நோர்மல்கள் சற்று மாறுவதால் நிழல் துல்லியமாகப் பொருந்தாது, ஆனால் அந்தத் தூரத்தில் அது கண்ணுக்குப் படாது. அதற்கும் அப்பால் LOD2-க்கு நோர்மல் மேப் இல்லாத மெற்றீரியல் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.